“நீ அவனை…”: மூன்று புள்ளி ஒரு கோடாக மாறியபோது

“அந்த அக்காவுக்கு அம்மா மேல ஏன் அவ்வளவு கோபம்? பேசி முடிக்கக்கூட விடாம வெடுக்குன்னு எழுந்து போறாளே?”

அச்சில் வந்த என் கதைத் துண்டைப் படித்துவிட்டுத் தோழி கேட்ட கேள்வி இது. எனக்குப் புரியவில்லை. நான் எழுதிய அக்காவுக்குக் கோபமே கிடையாது. அவள் யாருடைய பேச்சையும் வெட்டவும் இல்லை. பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். சொற்கள் ஏறக்குறைய எல்லாம் என்னுடையவைதான். குறிகள் மாறியிருந்தன.

ஒரு கோடும் மூன்று புள்ளியும் இடம் மாறினால் ஒரு பாத்திரத்தின் குணமே மாறிவிடுமா? மாறும் என்பதற்கு இந்தத் துண்டுதான் என் கையில் உள்ள சான்று. எது எப்படி மாறியது, எந்த மாற்றத்தால் எந்தப் பொருள் போனது, எந்த இடத்தில் திருத்தியவர் செய்ததே சரி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

நான் அனுப்பியது இது:

> அக்கா வந்தாள்; மாடிக்குப் போகவில்லை. முன்பெல்லாம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் மேலே ஓடுவாள் — தம்பி இருந்தவரை. அம்மா மின்விசிறியைப் போட்டாள்; ஜன்னலைத் திறந்தாள்; பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை.
>
> “அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்…” என்றாள் அம்மா.
>
> “விடும்மா.”
>
> “இல்லடி, நீ அவனை…”
>
> அக்கா எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடினாள். சொட்டுச் சத்தம் நின்றது… மேலே — இத்தனை நாளில் முதல் முறையாக — யாரோ நடப்பதுபோல் இருந்தது; இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அச்சில் வந்தது இது:

> அக்கா வந்தாள். ஆனால் மாடிக்குப் போகவில்லை. முன்பெல்லாம், தம்பி இருந்தவரை, வந்ததும் பையைக்கூட இறக்காமல் மேலே ஓடுவாள். அம்மா மின்விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்தாள். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை.
>
> “அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்…” என்றாள் அம்மா.
>
> “விடும்மா.”
>
> “இல்லடி, நீ அவனை—”
>
> அக்கா எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடினாள். சொட்டுச் சத்தம் நின்றது. இத்தனை நாளில் முதல் முறையாக மேலே யாரோ நடப்பதுபோல் இருந்தது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவதில் பிழை எதுவும் இல்லை. தனியாகப் படித்தால் ஓட்டமான, நல்ல தமிழ். அதனால்தான் இழப்பு கண்ணில் படுவதில்லை. பக்கத்தில் பக்கமாக வைத்தால்தான் தெரிகிறது.

நிறுத்தியது யார்?

தோழியின் கேள்விக்குக் காரணமான இடத்திலிருந்து தொடங்குகிறேன். என் பிரதியில் “நீ அவனை…” என்று முப்புள்ளி. அச்சில் “நீ அவனை—” என்று கோடு. இரண்டுமே வாக்கியம் முடியவில்லை என்றுதான் சொல்கின்றன. முடிக்காமல் நிறுத்தியது யார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

உரையாடலின் கடைசியில் வரும் கோடு வெட்டு. பேசுகிறவர் பேசத் தயாராக இருக்கிறார். வெளியிலிருந்து ஏதோ ஒன்று, இன்னொருவரின் குரலோ செயலோ, பேச்சை அறுத்துவிடுகிறது. முப்புள்ளியில் பேச்சு உள்ளுக்குள்ளேயே அடங்குகிறது. பேசுகிறவருக்கே அடுத்த சொல் வரவில்லை, அல்லது வந்த சொல்லைச் சொல்ல மனம் வரவில்லை. வாய்விட்டுப் படித்தால் இது உடனே காதில் விழும். “அவனை—” என்பதில் ‘னை’ சட்டென்று அறுந்து நிற்கும். “அவனை…” என்பதில் அந்த ஐகாரம் கொஞ்சம் நீண்டு, குரல் தாழ்ந்து, மூச்சாகி மறையும்.

இப்போது அடுத்த வரியைப் பாருங்கள். “அக்கா எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடினாள்.” கோட்டுக்குப் பின்னால் இந்த வரி வந்தால், எழுந்ததுதான் வெட்டு. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் எழுந்துவிட்டாள். ‘இறுக்கி’ என்ற சொல்லில் எரிச்சல் ஏறிவிடுகிறது. குழாயை மூடுவது அம்மாவின் வாயை மூடுவதற்கு ஈடாகிவிடுகிறது. தோழி கேட்டது நியாயமான கேள்விதான். அச்சிலிருந்த கதையை அவள் சரியாகவே படித்திருக்கிறாள்.

முப்புள்ளிக்குப் பின்னால் அதே வரி வேறொன்றாகிறது. அம்மா தானாகவே நிறுத்திக்கொண்டாள். யாரும் பேசவில்லை. அந்த அமைதியில்தான் குழாய் சொட்டுவது காதில் விழுகிறது. அக்கா எழுவது அந்தச் சத்தத்தை நிறுத்த. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குழாய் சொட்டிக்கொண்டிருந்ததாக அதற்கு முன் கதையில் எங்கேயும் இல்லை. அது நின்றபோதுதான் வாசகருக்கே சொல்லப்படுகிறது. அப்படியானால் அந்தச் சொட்டுச் சத்தம் எங்கே கேட்டுக்கொண்டிருந்தது? முப்புள்ளியில்தான். புள்ளி போய்க் கோடு வந்ததும் சத்தம் கேட்பதற்கு நேரமே இல்லாமல் போய்விட்டது. குழாய் திடீரென்று எங்கிருந்தோ முளைத்ததுபோல் ஆகிவிட்டது.

இதை விளக்கியபோது தோழி, “மூணு புள்ளியும் மூணு சொட்டு மாதிரியே இருக்கு” என்றாள். அழகான கவனிப்பு. ஆனாலும் அந்த வழியில் போக வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். குறியின் வடிவத்தில் படம் பார்க்க ஆரம்பித்தால் அதற்கு எல்லை இல்லை. முதல் முப்புள்ளியும் அதே வடிவம்தான்; அங்கே சொட்டு எதுவும் இல்லை. குறி வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் பொருள் தரும். வடிவத்தை வைத்துச் சொல்வது குறியை மறுபடியும் அலங்காரமாக்கிவிடும்.

வினைக்கு முன்னால் வரும் முப்புள்ளி

தமிழில் முப்புள்ளிக்கு ஒரு தனி வலு இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. காலம், யார் செய்தது, ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, செய்தாரா செய்யவில்லையா என்ற எல்லாத் தகவலும் அந்தக் கடைசிச் சொல்லில்தான். வினைக்கு முன்னால் வாக்கியத்தை நிறுத்திவிட்டால், ஆம் இல்லை என்பதுகூடத் தெரியாமல் போகிறது. “அவன் நேற்று அங்கே…” என்று ஒருவர் நிறுத்தினால், அவன் போனானா போகவில்லையா என்பதே நமக்குத் தெரியாது.

“நீ அவனை…” என்பதில் என்ன மறைந்திருக்கிறது? ‘நீ’ என்பது எழுவாய், அதாவது செய்தவள் அக்கா. ‘அவனை’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ இருக்கிறது. அப்படியென்றால் அக்கா தம்பியை ஏதோ செய்திருக்கிறாள், அல்லது செய்யாமல் விட்டிருக்கிறாள். “நீ அவனை எப்படித் தாங்கினாய் தெரியுமா” என்றும் முடிக்கலாம். “நீ அவனை அன்றைக்கு அனுப்பியிருக்கக் கூடாது” என்றும் முடிக்கலாம். ஒன்று ஆறுதல், இன்னொன்று குற்றச்சாட்டு. வினை வராதவரை இரண்டும் உயிரோடிருக்கின்றன. முன்னால் உள்ள ‘இல்லடி’யும் உதவாது. “விடும்மா” என்றதை அது மறுக்கிறது, அவ்வளவுதான். இரண்டு முடிவுக்கும் அது பொருந்தும்.

அதற்காக அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ‘அவனை’ என்பதற்குப் பதில் “நீ அவனுக்கு…” என்று இருந்தால் கொடுத்ததோ சொன்னதோ வந்திருக்கும். “நீ அவனோடு…” என்றால் சேர்ந்து போனதோ சண்டை போட்டதோ வந்திருக்கும். வேற்றுமை உருபு கதவைக் கொஞ்சம் மட்டும் திறந்து வைக்கிறது. முப்புள்ளியைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: கடைசியாக வந்த சொல் எந்த உருபோடு, எந்த எச்சத்தோடு நிற்கிறது? அதை விட்டுவிட்டு “இங்கே ஒரு மௌனம் இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் அது எந்த முப்புள்ளிக்கும் பொருந்தும். அதனால் எதையும் சொன்னதாகாது.

முதல் முப்புள்ளியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகிறது. “அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்…” இங்கே நிற்பது ‘ஆல்’ என்று முடியும் நிபந்தனை எச்சம், அதுவும் நடக்காமல் போனதைச் சொல்வது. பின்னால் வர வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்: அவன் இருந்திருப்பான், அல்லது போயிருக்க மாட்டான். வாசகருக்கு அது தெரியும், அக்காவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லை அம்மா வாயால் சொல்லவில்லை. இரண்டாவது முப்புள்ளியில் இருப்பதோ யாருக்கும் தெரியாத ஒன்று. அம்மா தன்னைக் குற்றம் சொல்லத் தொடங்கி மகளிடம் வருகிறாள். மகளைப் பற்றி என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்கே உறுதியாகத் தெரியுமா என்பதும் சந்தேகம். ஒரே குறிதான். ஒன்று தெரிந்ததை மறைக்கிறது, மற்றது தெரியாததைத் திறந்து வைக்கிறது. அச்சில் இரண்டாவது கோடாகிவிட்டதால் இந்த நகர்வும் போய்விட்டது. அம்மாவிடம் சொல்வதற்கு ஏதோ திட்டவட்டமாக இருந்தது, மகள் அதைத் தடுத்தாள் என்று ஆகிவிட்டது.

அரைப்புள்ளி பிடித்து வைத்திருப்பது

காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கணக்கு குரலுக்குத்தான் உதவும். பொருளுக்கு அது போதாது. அரைப்புள்ளி ஒரு நீளம் மட்டுமல்ல. முடிந்துபோன இரண்டு வாக்கியங்களை, நடுவில் ‘ஆனால்’, ‘ஆகையால்’, ‘பிறகு’ என்று எந்தச் சொல்லையும் போடாமல், ஒன்றையொன்று பார்க்கும்படி உட்கார வைக்கிறது.

“அக்கா வந்தாள்; மாடிக்குப் போகவில்லை.” திருத்தியவர் இங்கே முற்றுப்புள்ளி வைத்து ‘ஆனால்’ சேர்த்திருக்கிறார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. முற்றுப்புள்ளி மட்டும் வைத்தால் ஒரு சிக்கல் வருகிறது. ‘போகவில்லை’ என்பதில் ‘நான்’, ‘நீ’, ‘அவள்’, ‘அவர்கள்’ எல்லோரும் அடங்குவார்கள். ‘வந்தாள்’ போல் ஆளைக் காட்டும் விகுதி அதில் இல்லை. “அக்கா வந்தாள். மாடிக்குப் போகவில்லை.” என்றால் போகாதது யார் என்று ஒரு கணம் தடுமாறும். கதைசொல்லியாகக்கூட இருக்கலாம். அரைப்புள்ளி இருக்கும்போது எழுவாய் தாண்டி வந்துவிடுகிறது, தடுமாற்றம் இல்லை. அந்தப் பிடிப்பு போனதும் ஒட்டுவதற்கு அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த ஒட்டுச்சொல் விலை கேட்கிறது. ‘ஆனால்’ என்றதுமே, அவள் போயிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வாசகருக்கு வந்துவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பைக் கொடுப்பது அடுத்த வாக்கியத்தின் வேலை. “முன்பெல்லாம் வந்ததும் மேலே ஓடுவாள்” என்று படித்த பிறகுதான் ‘போகவில்லை’ என்பதன் கனம் தெரிய வேண்டும். என் பிரதியில் முதல் வாக்கியம் சாதாரணத் தகவல்போல் கடந்துபோய், இரண்டாவதைப் படித்ததும் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அச்சில் அது முன்கூட்டியே செலவழிந்துவிட்டது.

மூன்றாவது வாக்கியத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. “மின்விசிறியைப் போட்டாள்; ஜன்னலைத் திறந்தாள்” என்பது “மின்விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்தாள்” ஆகிவிட்டது. வினையெச்சம் தமிழின் இயல்பான இணைப்புதான், அதில் குறை சொல்ல முடியாது. வினையெச்சம் இரண்டு செயலையும் ஒரே ஓட்டத்தில் கோத்துவிடுகிறது. வந்தவளுக்குக் காற்று வரட்டும் என்று ஒருத்தி சுறுசுறுப்பாக வேலை செய்கிற காட்சி அது. ‘போட்டாள்;’ என்று முற்றில் முடித்தால் அந்தச் செயல் அங்கேயே தீர்ந்துபோகிறது. அடுத்து என்ன செய்வது என்று அவள் தேடுகிறாள். ஜன்னல் கிடைக்கிறது. அதுவும் தீர்ந்தது. மூன்றாவதாகத் தேடும்போது எதுவும் இல்லை.

அந்த ‘எதுவும் இல்லை’ அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவதும் முக்கியம். அங்கே அது அவளுடைய பட்டியலில் மூன்றாவது உருப்படி. அவள் கை தேடித் தேடிக் கடைசியில் தொட்ட வெறுமை. முற்றுப்புள்ளி வைத்துத் தனி வாக்கியமாக்கினால், கதைசொல்லி சற்றுத் தள்ளி நின்று நிலைமையைச் சொல்கிற குரல் ஆகிவிடுகிறது.

கடைசி அரைப்புள்ளிக்கு அவ்வளவு விளக்கம் வேண்டாம். “யாரோ நடப்பதுபோல் இருந்தது; இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.” சத்தம் கேட்டது, கேட்டதால்தான் பார்க்கவில்லை. அச்சில் உள்ள முற்றுப்புள்ளியோடு படித்தால் அவர்களுக்குக் கேட்டதா இல்லையா என்பதே சந்தேகம். கேட்காததால் பார்க்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். என் கதைக்கு அது பெரிய வேறுபாடு.

இரண்டு வகைக் கோடுகள்

“மேலே ஓடுவாள் — தம்பி இருந்தவரை.” எழுத்துத் தமிழில் ‘தம்பி இருந்தவரை’ என்பது வினைக்கு முன்னால் வர வேண்டியது. பேச்சில் மட்டும் நாம் வினைக்குப் பின்னால் ஒன்றை ஒட்டுவோம்: “வந்தான் நேத்து” என்பதுபோல. அப்படி ஒட்டும்போது அது பெரும்பாலும் பின்னால் நினைவு வந்தது, அல்லது சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னது. கோடு அந்தத் தயக்கத்தைக் காட்டுகிறது. ‘ஓடுவாள்’ என்றதும் வாக்கியம் முடிந்துவிட்டது. பையோடு படியேறி ஓடுகிற பெண்ணை வாசகர் பார்த்துவிட்டார். அதன் பிறகுதான் ஒரு கோடு, அந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு. அச்சில் காற்புள்ளிகளுக்கு நடுவே முன்னால் வந்துவிட்டதால், தம்பி இல்லை என்று தெரிந்துகொண்டே அவள் ஓடுவதைப் பார்க்கிறோம். ஓட்டத்தில் இருந்த சந்தோஷம் வருவதற்கு முன்பே போய்விடுகிறது.

இன்னொரு வகை, இரண்டு பக்கமும் வரும் கோடு: “மேலே — இத்தனை நாளில் முதல் முறையாக — யாரோ நடப்பதுபோல் இருந்தது.” இங்கேயும் வினை கடைசியில் வருவதுதான் வேலை செய்கிறது. ‘மேலே’ என்று சொல்லிவிட்டு, மேலே என்ன என்று சொல்லாமல் வாசகரை அங்கேயே நிறுத்திவைக்கிறது இடைச்செருகல். வாசகரின் கவனம் மாடிக்கு ஏறிக் காத்திருக்கிறது. கதைக்குள் இருக்கும் இரண்டு பேரோ நிமிரவே இல்லை. அடைப்புக்குறி போட்டிருந்தால் குரல் தாழ்ந்திருக்கும், காற்புள்ளி போட்டிருந்தால் சமமாகப் போயிருக்கும்.

எங்கே அவர் செய்தது சரி

“சொட்டுச் சத்தம் நின்றது…” என்று நான் முப்புள்ளி வைத்திருந்தேன். அவர் அதை முற்றுப்புள்ளியாக்கினார். அவர்தான் சரி. ‘நின்றது’ முற்று; எதுவும் மிச்சமில்லை. காலம், பால், செயல் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த முப்புள்ளி எதையும் மறைக்கவில்லை. அந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் உருக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். நின்றுபோன சத்தத்துக்குப் பின்னால் நீளும் புள்ளி பொருளுக்கே எதிரானது. முற்றுக்குப் பின்னால் வரும் எல்லா முப்புள்ளியும் வெற்று என்று சொல்ல மாட்டேன். “சரி, போகிறேன்…” என்று போகாமல் நிற்கிறவனுக்கு அது வேண்டும். சொன்னதற்கும் செய்வதற்கும் இடையே அங்கே ஏதோ மிச்சமிருக்கிறது. என் வரியில் அப்படி எதுவும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நான் இப்போது செய்வது எளிய வேலை. குறியை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்துப் படிக்கிறேன். பிறகு வேறொரு குறியை வைத்துப் படிக்கிறேன். எது மாறியது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: ‘நிறுத்தியது மகள் ஆகிவிட்டாள்’, ‘கேட்டதா என்பது சந்தேகமாகிவிட்டது’ என்பதுபோல. ‘உணர்ச்சி குறைந்துவிட்டது’ என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை என்றால், பெரும்பாலும் அது அலங்காரம்தான்.

குறி யாருடையது?

மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும்போது இதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் குறியை எழுதியவர் வைத்தாரா, அச்சிட்டவர் வைத்தாரா? என் துண்டை அச்சில் மட்டும் படித்த ஒருவர், “நீ அவனை—” என்ற கோட்டை வைத்து என்னைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அது நான் எழுதாத கதையைப் பற்றியதாகவே இருக்கும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதைகளுக்கு இதுதான் நடந்தது. 1890இல் வந்த முதல் தொகுப்பில் அவருடைய கோடுகளில் பலவற்றைப் பதிப்பித்தவர்கள் வழக்கமான குறிகளாக மாற்றிவிட்டார்கள். 1955இல் தாமஸ் ஜான்சன் பதிப்பு வந்த பிறகுதான் பொது வாசகர்கள் அந்தக் கோடுகளோடு அவரைப் படிக்க முடிந்தது. நம் பழைய பாடல்களிலும் கவனம் வேண்டும். ஓலைச்சுவடியில் இன்றைய காற்புள்ளியோ அரைப்புள்ளியோ கோடோ கிடையாது. இன்றைய பதிப்பில் ஒரு சங்கப் பாட்டின் நடுவே அரைப்புள்ளி இருந்தால், பதிப்பாசிரியர் அந்த இடத்தில் தொடர் பிரிகிறது என்று படித்திருக்கிறார் என்று பொருள். அது ஓர் உரை. மதிக்க வேண்டிய உரைதான், ஆனால் புலவரின் குறி அல்ல.

இன்றைய அச்சிலும் சில விஷயங்களை நம்ப முடியாது. முப்புள்ளி சில இடங்களில் இரண்டு புள்ளியாகவும் சில இடங்களில் ஐந்தாகவும் வரும். எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல வேண்டாம். தட்டச்சில் நீளக் கோடு எங்கே என்று தெரியாமல் பலர் சிறுகோட்டையே போடுகிறார்கள், அதனால் நீளத்தை வைத்தும் சொல்ல முடியாது. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும்போது குறிகள் சிதைவதும் உண்டு.

என் விஷயத்தில் அப்படி இயந்திரம் செய்ததா என்று பார்த்தேன். அம்மாவின் பேச்சில் வரும் இரண்டு முப்புள்ளிகளில் முதலாவது அப்படியே இருக்க, இரண்டாவது மட்டும் கோடாகியிருந்தது. தேடி மாற்றும் கட்டளை செய்திருந்தால் இரண்டும் மாறியிருக்கும். ஆக, ஒரு மனிதர் படித்து, யோசித்து மாற்றியிருக்கிறார். அவரையே கூப்பிட்டுக் கேட்டேன்.

“அடுத்த வரியிலேயே அந்தப் பொண்ணு எழுந்திருச்சிடறாளே சார். அப்ப அவதானே பேச்சை நிறுத்தினது? அதுக்குக் கோடுதானே சரி?” என்றார்.

அவர் குறியின் இலக்கணத்தைச் சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறார். எழுவதை வெட்டாகப் படித்தார், வெட்டுக்கு உரிய குறியை வைத்தார். குழாய்ச் சத்தம் அடுத்த வரியில்தான் வருகிறது. அதைப் படித்துவிட்டுத் திரும்பிவந்து முப்புள்ளியைப் பார்த்தால்தான் அங்கே அமைதி இருந்தது தெரியும். நான் அதைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அப்புறம் அந்த மூணாவது முப்புள்ளி?” என்று கேட்டார். அதை நீங்கள் எடுத்தது சரி என்றேன்.

தொகுப்புக்காக அதே துண்டை மறுபடி அனுப்பியபோது ‘நின்றது’க்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். மற்றவை பழையபடி. தோழியிடம் வாய்விட்டுப் படிக்கக் கொடுத்தேன். “நீ அவனை” வரை வந்தாள். ‘னை’ கொஞ்சம் நீண்டது. அடுத்த வரிக்குப் போகாமல் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “அம்மா என்ன சொல்ல வந்தா?” என்று கேட்டாள். அக்காவின் கோபத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.